'கீப் கிளியர்' என்றால் என்ன? இங்கிலாந்தில் சாலைப் பலகைகளையும் பொது அறிவிப்புகளையும் பிழையில்லாமல் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு வண்டி ஓட்டப் பழக்கும்போது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பல வருடங்களாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். ஆங்கிலத்தில் மளமளவென்று பேசுகிறவர்கள்கூட இரண்டு சொல் பலகையில் தடுக்கி விழுகிறார்கள். பலகைக்காரன் இடம் மிச்சம் பிடிப்பதற்காக வாக்கியத்தில் பாதியை விழுங்கிவிடுகிறான். மீதியிருக்கும் சொல்லுக்கு அகராதியில் முதலில் போட்டிருக்கும் பொருளை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம் தயாராக இருக்கட்டும். ஒன்று, 'ஹைவே கோடு' என்கிற சாலை விதித் தொகுப்பு. அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பலகைகளின் படங்கள் உள்ள பக்கங்களை மட்டும் முதலில் பாருங்கள். இரண்டு, வண்டியை எடுக்காமல் ஒரு வாரம் தெருவில் நடப்பது. கண்ணில் படும் பலகைகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். 30 மைல் வேகத்தில் போகும்போது ஒரு பலகையைப் படிக்கக் கிடைப்பது சில நொடிகள்தான். அந்த நேரத்தில் யாராலும் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. ஏற்கெனவே தெரிந்ததை அடையாளம் காண மட்டுமே முடியும்.

1. எழுத்துக்கு முன்னால் வடிவத்தைப் பாருங்கள்

சாலையில் வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீள்சதுரம் என்றால் தகவல். வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் இருந்தால் பெரும்பாலும் 'கூடாது' என்று பொருள். சிவப்பு வளையம் இல்லாத நீல வட்டம் என்றால் பெரும்பாலும் 'இப்படித்தான் செய்யவேண்டும்'.

கட்டடத்துக்குள் வந்துவிட்டால் கணக்கு கொஞ்சம் மாறும். சிவப்பு வளையமும் குறுக்குக்கோடும் தடை. நீல வட்டம் கட்டாயம். மஞ்சள் முக்கோணம் ஆபத்து. பச்சை என்றால் தப்பிக்கும் வழி, முதலுதவி போன்றவை.

இதை ஏன் முதலில் செய்யவேண்டும் என்றால், அதே சொல்லை எந்தத் தொனியில் எடுத்துக்கொள்வது என்பதை வடிவம்தான் சொல்கிறது. ஒரு கதவில் நீல வட்டத்தோடு எழுதியிருந்தால் அது அன்பான வேண்டுகோள் அல்ல, கட்டளை. புதியவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்துப் பொருளைப் பிடித்துவிடுவார்கள். ஆனால் அது உத்தரவா, சும்மா தகவலா என்பதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

2. விழுங்கிய சொற்களைத் திருப்பிப் போடுங்கள்

வடிவம் தெரிந்த பிறகு, பலகையை ஒரு முழு வாக்கியமாக மனதுக்குள் நிரப்பிப் பாருங்கள். யாருக்குச் சொல்கிறது, எதைச் செய்யச் சொல்கிறது, எதுவரை என்ற மூன்று கேள்வி போதும்.

இதில் சின்னச் சொற்களைத்தான் தேடவேண்டும். 'எக்செப்ட்' வந்தால் யாருக்கோ விலக்கு இருக்கிறது. 'ஒன்லி' வந்தால் மற்ற எல்லோருக்கும் தடை. 'அஹெட்' வந்தால் விஷயம் இங்கே இல்லை, இன்னும் தள்ளி இருக்கிறது. பெரிய பலகைக்குக் கீழே தொங்கும் சின்னத் தகட்டில் நேரமும் கிழமையும் இருக்கும். பலகையைப் படித்துத் தகட்டை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. தகடுதான் அந்தக் கட்டளை உங்களுக்கா, இப்போதா என்று முடிவு செய்கிறது.

3. 'கீப்' குடும்பத்தைத் தனியாகப் பிரித்துப் படியுங்கள்

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். 'கீப்' என்றால் 'வைத்துக்கொள்', 'கிளியர்' என்றால் 'தெளிவு' என்று பள்ளியில் படித்துவிட்டு வருகிறோம். இரண்டையும் சேர்த்தால் 'தெளிவாக வைத்துக்கொள்' என்று வரும். ஒரு தம்பி அதைத் துப்புரவு அறிவிப்பு என்றே நினைத்திருந்தார். "குப்பை போடாதேன்னுதானே அண்ணே சொல்றான்?" என்றார்.

'கீப் கிளியர்' என்பதற்கு உண்மையில் இரண்டு பொருள் இருக்கிறது. எங்கே எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கவேண்டும்.

ஓர் இடத்தின் மீதோ கதவின் மீதோ எழுதியிருந்தால், 'இந்த இடத்தை அடைக்காதே, எப்போதும் காலியாக விடு' என்று பொருள். தீயணைப்பு நிலையத்தின் வாசலில் சாலையின் மீதே வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பார்கள். முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றால், நீங்கள் அந்த எழுத்துக்கு முன்னாலேயே நின்றுவிடவேண்டும். அப்பால் உங்கள் வண்டி முழுதாக நிற்க இடம் கிடைத்த பிறகுதான் அதைக் கடக்கலாம். தீயணைப்பு வண்டி எந்த நொடி வெளியே வரும் என்று தெரியாது, அதுதான் காரணம்.

நகரும் பொருளின் மீதோ ஆபத்தான பொருளின் மீதோ எழுதியிருந்தால், 'நீ விலகி நில்' என்று பொருள். லாரியின் பின்பக்கம், பளுதூக்கியின் கை, தானாக மூடும் வாயிற்கதவு எல்லாம் இந்த வகை. அங்கே காலியாக இருக்கவேண்டியது இடம் அல்ல, நீங்கள்தான் தள்ளிப் போகவேண்டும். சொல்லுக்குப் பின்னால் 'ஆஃப்' சேர்ந்து வந்தால், உதாரணமாக 'கீப் கிளியர் ஆஃப் தி டோர்ஸ்' என்றால், சந்தேகமே வேண்டாம், இந்த இரண்டாம் பொருள்தான்.

இதன் உடன்பிறப்புகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். 'கீப் அவுட்' என்றால் உள்ளே வராதே. 'கீப் ஆஃப்' என்றால் இதன் மீது ஏறாதே, மிதிக்காதே, புல்தரையில் பார்த்திருப்பீர்கள். ஓர் இடத்தின் மீது எழுதிய 'கீப் கிளியர்' இவை இரண்டிலிருந்தும் வேறு. அந்த வழியாகப் போகலாம், கடக்கலாம்; அங்கே தங்கவும் கூடாது, எதையும் வைக்கவும் கூடாது.

கட்டடங்களில் அதிகம் குழப்புகிறவை இரண்டு கதவு அறிவிப்புகள். 'ஃபயர் டோர் கீப் ஷட்' என்று இருந்தால் அந்தக் கதவைப் பயன்படுத்தவே கூடாது என்று சிலர் சுற்றி நடக்கிறார்கள். அப்படியில்லை, திறந்து போகலாம், ஆனால் பின்னால் மூடியாகவேண்டும். காற்று வரட்டும் என்று ஆப்பு வைத்தோ நாற்காலி போட்டோ திறந்து விடக்கூடாது. புகையும் நெருப்பும் அடுத்த பகுதிக்குப் பரவாமல் கொஞ்ச நேரம் தடுப்பதற்குத்தான் அந்தக் கதவு. மூடியிருந்தால்தான் அதற்கு வேலை.

'ஃபயர் எக்ஸிட் கீப் கிளியர்' வேறு. அது தப்பித்து ஓடும் வழி, அதனால் கதவின் இருபுறமும் எதுவும் இருக்கக்கூடாது. உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எண்ணெய் டின்களையும் காலி அட்டைப்பெட்டிகளையும் அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் அடுக்குவார்கள். உள்ளே காலியாகத்தானே இருக்கிறது என்பது அவர்கள் நியாயம். ஆனால் அந்தக் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும்.

4. 'டைவர்ஷன்' பார்த்தால் அடுத்த குறியைத் தேடுங்கள்

அமெரிக்கப் படங்கள் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே 'டீடூர்' பலகையைத் தேடுவார்கள். அது அமெரிக்கச் சாலைகளில் ஆரஞ்சு நிறத்தில் வரும், முடியும் இடத்தில் 'எண்ட் டீடூர்' என்று இருக்கும். பிரிட்டனில் அதிகாரிகள் மாற்றிவிடும் பாதைக்கு 'டைவர்ஷன்' என்று பெயர், மஞ்சளில் கறுப்பு எழுத்து. இங்கே 'டீடூர்' என்று ஒருவர் பேச்சில் சொன்னால், அவராக விரும்பிச் சுற்றிக்கொண்டு போனார் என்றே பொருள். போகிற வழியில் அத்தை வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் அது டீடூர். தமிழில் ஒன்று சுற்றுவழி, மற்றொன்று மாற்றுவழி.

ஊரில் 'டேக் டைவர்ஷன்' என்று பலகை வைத்திருந்தால் பெரும்பாலும் பக்கத்தில் இறங்கி, பாலம் வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி, உடனே பழைய சாலையில் ஏறிவிடுவோம். அதே நினைப்பில் இங்கே அடுத்த திருப்பத்திலேயே பழைய சாலைக்குத் திரும்பப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே மாற்றுவழி பல மைல் ஓடலாம்.

அதனால் வரிசை இப்படி. முதல் மஞ்சள் பலகையில் ஒரு குறி இருக்கிறதா என்று பாருங்கள். முக்கோணம், சதுரம், வட்டம், சாய்சதுரம் என்று ஏதாவது ஒன்று கறுப்பில் இருக்கும். உள்ளே நிரப்பியிருக்கலாம், வெறும் கோடாகவும் இருக்கலாம். அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: 'நிரப்பிய சதுரம்'. அப்புறம் ஒவ்வொரு சந்திப்பிலும் ஊர்ப் பெயரைத் தேடாமல் அந்தக் குறியைத் தேடுங்கள். வழக்கமான வழிகாட்டிப் பலகையின் மூலையில் சின்ன மஞ்சள் கட்டமாக ஒட்டியிருக்கும். ஒரே வட்டாரத்தில் இரண்டு மாற்றுவழிகள் குறுக்கிடலாம், அதற்குத்தான் வெவ்வேறு குறிகள். நிரப்பிய சதுரத்தில் கிளம்பி, ரவுண்டானாவில் வெற்றுச் சதுரத்தைப் பிடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

வழிகாட்டும் செயலி தன் குறுக்குவழியைக் காட்டும். காரில் போனால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். உயரமான வேன் ஓட்டுகிறவர்கள் மட்டும் யோசிக்கவேண்டும். குறுக்குவழியில் தாழ்வான பாலமோ எடைக் கட்டுப்பாடோ இருந்தால், காருக்கான செயலிக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது.

இதோடு சேர்ந்து வரும் நான்கு பலகைகளின் வித்தியாசம் முக்கியம். 'ரோடு குளோஸ்ட்' என்றால் இந்த இடத்திலேயே மூடியாயிற்று. 'ரோடு அஹெட் குளோஸ்ட்' என்றால் இன்னும் தள்ளித்தான் மூடியிருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் வீட்டுக்கோ கடைக்கோ போகிறவர்கள் போகலாம். 'நோ த்ரூ ரோடு' என்றால் முட்டுச்சந்து, உள்ளே நுழையத் தடை இல்லை, மறுமுனையில் வெளியே போக வழி இல்லை, அவ்வளவுதான். பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதை 'நோ என்ட்ரி' என்று எடுத்துக்கொண்டு, அந்தத் தெருவின் பொட்டலங்களை எல்லாம் திருப்பி எடுத்து வந்துவிட்டார்.

'எக்செப்ட் ஃபார் ஆக்ஸஸ்' கடைசி. அந்தத் தெருவிலேயே இருக்கும் வீட்டுக்கோ கடைக்கோ வந்தால் நுழையலாம். அடுத்த தெருவுக்குச் சீக்கிரம் போக அதை வழியாகப் பயன்படுத்தக்கூடாது. அந்தத் தெருவில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஒரு வீட்டு எண்ணைச் சொல்ல முடியவேண்டும். முடியாவிட்டால் அந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

5. நிற்பதா, காத்திருப்பதா என்று பிரியுங்கள்

'நோ ஸ்டாப்பிங்', 'நோ வெயிட்டிங்' இரண்டுக்கும் தமிழில் 'நிறுத்தாதே' என்றே சொல்லிவிடுகிறோம். அதனாலேயே அபராதச் சீட்டு வருகிறது.

'நோ ஸ்டாப்பிங்' என்றால் ஆள் இறக்கக்கூட நிற்கக்கூடாது. 'நோ வெயிட்டிங்' என்றால் ஆள் ஏற்றி இறக்க நிற்கலாம். சுமை இறக்குவதற்குத் தனித் தடை இல்லாவிட்டால் அதற்கும் நிற்கலாம். வேலை முடிந்ததும் கிளம்பிவிடவேண்டும். மனைவி கடைக்குள் போயிருக்கிறார், நான் என்ஜினைக்கூட அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பது இங்கே செல்லாது. அதற்குப் பெயர்தான் 'வெயிட்டிங்'.

பலகையில் இரண்டும் நீல வட்டம், சிவப்பு வளையம். உள்ளே ஒரே சிவப்புக் கோடு குறுக்கே போனால் காத்திருக்கத் தடை. இரண்டு கோடு பெருக்கல் குறிபோல வெட்டிக்கொண்டால் நிற்கவே தடை. தரையில் மஞ்சள் இரட்டைக் கோடு எந்த நேரமும் காத்திருக்கத் தடை என்கிறது, அதற்குப் பக்கத்தில் பலகை இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. லண்டன் போன்ற இடங்களில் சிவப்பு இரட்டைக் கோடு எந்த நேரமும் நிற்கவே தடை. நடைபாதை ஓரக்கல்லின் மீது குட்டையான மஞ்சள் கோடுகள் இருந்தால் சுமை ஏற்றி இறக்கவும் கட்டுப்பாடு உண்டு.

பள்ளி வாசலில் வளைந்து வளைந்து போகும் மஞ்சள் கோட்டின் நடுவே 'ஸ்கூல் கீப் கிளியர்' என்று எழுதியிருக்கும். அங்கே பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் பிள்ளையை இறக்கிவிட ஒரு நிமிடம் நிற்பதும் தவறு. பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது அவர்களையும் வரும் வண்டியையும் மறைக்க அங்கே எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் நோக்கம்.

6. 'வேகன்ட்' என்பதை இடம் பார்த்துப் படியுங்கள்

கழிப்பறைக் கதவில் 'வேகன்ட்' என்றால் இப்போது உள்ளே ஆள் இல்லை, நுழையலாம். எதிர்ச்சொல் 'எங்கேஜ்ட்'. விமானத்தில் 'ஆக்குப்பைட்' என்று இருக்கும். பச்சை, சிவப்பு நிறமும் கூடவே இருப்பதால் இதில் பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் அதன் பெயர்ச்சொல்லில்தான். ஊரில் தொழிற்சாலை வாசலில் 'நோ வேகன்ஸி' என்று மாட்டியிருந்தால் வேலை காலி இல்லை என்று பொருள். இங்கே கடற்கரை ஊர்களில் சின்னத் தங்கும் விடுதிகளின் சன்னலில் 'வேகன்ஸிஸ்' என்று மாட்டியிருப்பார்கள். அங்கே வேலை கேட்டுக் கதவைத் தட்டாதீர்கள், அறை காலியாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். கடையின் கண்ணாடியில் அதே சொல் இருந்தால் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டின் முன் கம்பத்தில் 'டு லெட்' என்று இருந்தால் வாடகைக்கு. அதைக் கழிப்பறை என்று படித்துவிட்டு வாசலில் போய் நிற்பது எல்லோரும் சொல்லும் நகைச்சுவை. என் சொந்தச் சித்தப்பா உண்மையாகவே நின்றார். நடுவில் ஓர் எழுத்துக் குறைகிறது, அவசரத்தில் யாருக்குத் தெரிகிறது?

7. 'அவுட் ஆஃப் ஆர்டர்' பார்த்தால் அடுத்து என்ன செய்வது

'அவுட் ஆஃப் ஆர்டர்' என்றால் பழுது, வேலை செய்யாது. வரிசைக்கோ ஒழுங்குக்கோ சம்பந்தமில்லை. பொருள் கெட்டுப்போய்விட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

'நாட் இன் சர்வீஸ்' வேறு. பேருந்தின் நெற்றியில் அப்படி எழுதியிருந்தால் பேருந்து நன்றாகத்தான் ஓடுகிறது, பயணிகளை ஏற்றாது. கையைக் காட்டிப் பயனில்லை, ஓட்டுநர் மேல் கோபப்பட்டும் பயனில்லை. 'நாட் இன் யூஸ்' என்றால் இப்போதைக்குப் பயன்பாட்டில் இல்லை. போக்குவரத்து விளக்கின் மீது உறை போட்டு இப்படி எழுதியிருந்தால், யாருக்கும் முன்னுரிமை இல்லாத சந்திப்பாக நினைத்து மிக மெதுவாகக் கடக்கவேண்டும். பச்சை வரும் என்று நிற்கக்கூடாது, நமக்குத்தான் வழி என்று பாயவும் கூடாது.

நேர்மாறான குழப்பமும் உண்டு. 'டிஸேபிள்ட் டாய்லெட்' என்றால் கணினியில் ஒன்றை முடக்கிவைப்பதுபோல மூடிவைத்த கழிப்பறை என்று சிலர் நினைக்கிறார்கள். அது மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை, நன்றாக வேலை செய்யும்.

பணச் செலவு வைக்கும் தவறு ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை கடற்கரைக்குப் போயிருந்தோம். கார் நிறுத்துமிடத்தில் நுழைந்ததும் இருந்த கட்டண இயந்திரத்தின் மீது 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்று தாள் ஒட்டியிருந்தது. கூட வந்த தம்பி, "மெஷின் ரிப்பேர்னா இன்னிக்கு ஃப்ரீதானே அண்ணே" என்று தன் காரை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். நான் வேறு பக்கம் நிறுத்திப் பணம் கட்டியிருந்தேன். அவரைக் கேட்கத் தோன்றவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அவர் காரின் கண்ணாடியில் அபராதச் சீட்டு.

பழுதான இயந்திரத்தின் படத்தை வைத்து மறுப்பு எழுதிப் போட்டோம், தள்ளுபடி ஆனது. அதே நிறுத்துமிடத்தின் மறுகோடியில் இன்னொரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, கட்டணப் பலகையில் கைபேசி வழியாகக் கட்டும் முறையும் இருந்தது. யோசித்தால் அவர்கள் சொன்னதில் தவறில்லை. அந்தத் தாள் இயந்திரத்தைப் பற்றிப் பேசியது, கட்டணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதலில் ஒட்டியிருக்கும் தாளை முழுதாகப் படியுங்கள். அடியில் சின்ன எழுத்தில் வேறு இயந்திரத்தைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கலாம். அப்புறம் அந்தத் தாளையும் இயந்திரத்தின் எண்ணையும் சேர்த்துப் படம் எடுங்கள். நேரம் படத்திலேயே பதிந்துவிடும். பிறகு நிறுத்துமிடம் முழுக்க ஒரு சுற்று நடந்து வேறு இயந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டணப் பலகையில் இடத்துக்கான எண் போட்டிருக்கும், அதை வைத்துக் கைபேசியில் கட்டுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் தடுமாறிய திரையையும் படம் எடுத்துக்கொண்டு, காரை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. 'இயந்திரம் வேலை செய்யவில்லை' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்தத் தம்பியும் வைத்திருந்தார். அபராதச் சீட்டை அதற்கு நேர் மேலேதான் ஒட்டியிருந்தார்கள்.